மூன்று சிஸ்டத்தில் மூன்று முகவரி: எதை எடுப்பது?

கேள்வி: பில்லிங், கால் சென்டர், டெலிவரி என்று மூன்று சிஸ்டம். ஒரே வாடிக்கையாளருக்கு மூன்றிலும் வேறு வேறு முகவரி இருக்கிறது. கடைசியாக அப்டேட் ஆனதை எடுத்துக்கொண்டால் போதுமா?

பதில்:

போதாது. நீங்கள் பார்க்கும் அந்தத் தேதி பெரும்பாலும் முழு வரிசைக்கு உரியது, முகவரிக்கு உரியது அல்ல. டர்பனில் நான் வேலை பார்க்கும் இடத்தில், பில்லிங் டேபிளில் இரவுதோறும் நிலுவையைக் கணக்கிடும் ஜாப் ஓடும். அது தொட்ட வரிசைக்கெல்லாம் புதுத் தேதி விழுந்துவிடும். முகவரி வருஷக்கணக்காக மாறாவிட்டாலும் பில்லிங்தான் எப்போதும் ஜெயிக்கும். உங்கள் டேபிளிலும் இப்படியா என்று பார்த்துவிடுங்கள்:

```sql
SELECT CAST(last_updated AS DATE), COUNT(*)
FROM billing_customer
GROUP BY CAST(last_updated AS DATE)
ORDER BY 2 DESC;
```

வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி ஒரே நாளில் வந்து நின்றால், அது ஜாப் போட்ட தேதி. முகவரி எப்போது மாறியது என்பதை ஆடிட் லாகிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

அடுத்தது இதைவிட மோசமானது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருந்த ஒருவர் அதே ஊரின் ஃபீனிக்ஸ் பகுதிக்குக் குடிபோய், கால் சென்டரில் புது முகவரியைச் சொல்கிறார். எடுத்தவர் தெருவும் ஊர்ப்பகுதியும் எழுதிவிட்டு அஞ்சல் குறியீட்டைக் காலியாக விட்டுவிடுகிறார். "காலியாக இருந்தால் அடுத்த சிஸ்டத்திலிருந்து எடு" என்ற விதி ஒவ்வொரு புலத்திலும் தனித்தனியாக ஓடினால், தெருவும் பகுதியும் ஃபீனிக்ஸ், குறியீடு மட்டும் பில்லிங்கில் கிடந்த சாட்ஸ்வொர்த்தின் 4092. எந்த சிஸ்டத்திலும் இல்லாத, உலகத்திலேயே இல்லாத ஒரு முகவரி பிறந்துவிடுகிறது. ஒவ்வொரு புலமும் தனியாகப் பார்த்தால் சரியாகவே இருப்பதால் தரச் சோதனையிலும் இது மாட்டாது. பகுதியையும் குறியீட்டையும் சேர்த்து அஞ்சல் பட்டியலோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

ஆகவே முகவரியை ஒரே கட்டாக வையுங்கள். ஜெயித்தால் முழுசாக ஜெயிக்கட்டும், தோற்றால் முழுசாகத் தோற்கட்டும். விடுபட்ட குறியீட்டை அஞ்சல் பட்டியலிலிருந்து நிரப்புங்கள் (ஃபீனிக்ஸுக்கு 4068), இன்னொரு சிஸ்டத்திலிருந்து வேண்டாம். அப்புறம் முகவரி மாறிய தேதியைப் பாருங்கள். தேதி ஒன்றாக இருந்தாலோ தெரியாவிட்டாலோ மட்டும் சிஸ்டங்களின் முன்னுரிமை வரிசைக்குப் போங்கள்.

டெலிவரி சிஸ்டத்தை இந்தப் போட்டியிலேயே சேர்க்காதீர்கள். பார்சலை அலுவலகத்துக்கோ அக்கா வீட்டுக்கோ அனுப்பச் சொல்லியிருப்பார்கள். அது குடியிருப்பு முகவரி இல்லை, தனி அட்ரிபியூட்.

முன்னுரிமை வரிசையும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்க முடியாது. பெயருக்கு அடையாள ஆவணத்தைப் பார்த்துப் பதிந்த சிஸ்டம்தான் முதலில், தேதி எதுவானாலும் சரி. ஆவணத்தில் `Pillay` என்று இருப்பவரை போனில் கேட்டவர் நேற்று `Pillai` என்று அடித்திருந்தால், அந்தப் புதுமைக்கு மதிப்பே கிடையாது. முகவரிக்கோ அதே கால் சென்டர் பல நேரம் பில்லிங்கைவிட நம்பகமானது, ஏனென்றால் வீடு மாறியவர் முதலில் அங்கேதான் சொல்கிறார்.

ஜெயித்த மதிப்போடு எந்த சிஸ்டம், எந்தத் தேதி, எந்த விதி என்பதையும் சேமியுங்கள். தோற்றவற்றையும் அழிக்காதீர்கள். விதியை மாற்றினால் மறுபடி ஓட்டிப் பார்க்க அவை வேண்டும்.