அரை நிமிட அறிமுகம்: கேட்டவர் எதை எடுத்துச் செல்ல வேண்டும்?

கேள்வி: இயந்திரங்களுக்கான ரப்பர் சீல், கேஸ்கெட் போன்றவற்றைத் தயாரிக்கும் சிறிய நிறுவனம் நடத்துகிறேன். தொழில்முனைவோர் சந்திப்புகளில் ஆளுக்கு 30 விநாடி பேசச் சொல்கிறார்கள். நான் சொல்வது இதுதான்: “வணக்கம். நாங்கள் பல ஆண்டு அனுபவமுள்ள ரப்பர் பொருள் உற்பத்தியாளர்கள். நைட்ரில், சிலிகான், இ.பி.டி.எம். என எல்லா வகையிலும், எல்லா அளவிலும், உயர்ந்த தரத்தில், நியாயமான விலையில், உரிய நேரத்தில் தருகிறோம்.” கைதட்டுகிறார்கள், பிறகு ஒருவரும் தேடி வருவதில்லை. எங்கள் பிராண்டு மனதில் நிற்க எப்படிப் பேச வேண்டும்?

பதில்: இந்த அறிமுகத்தில் உள்ள எதுவும் பொய்யில்லை. ஆனால் உங்களைப் போல ரப்பர் பொருள் செய்யும் இன்னொருவர் எழுந்து, ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் இதையே பேசிவிட முடியும். அதைவிட முக்கியமான கோளாறு ஒன்று உண்டு. அந்த அரங்கில் இருக்கும் பெரும்பாலோர் உங்கள் வாடிக்கையாளர்கள் அல்லர். கணக்காளர், காப்பீட்டு முகவர், அச்சகம் நடத்துபவர், பொருள்களை ஏற்றி அனுப்புபவர் என்று பலர் இருப்பார்கள். சீல் வாங்குபவர் ஒருவர் இருந்தாலே அதிகம். ஆகவே உங்கள் 30 விநாடிகள் வாங்குபவரிடம் பேசுவதற்கானவை அல்ல, வாங்கக்கூடியவரை அறிந்த ஒருவர் இன்னோர் இடத்தில், இன்னொரு நாளில் உங்களைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்வதற்கானவை. நைட்ரில், இ.பி.டி.எம். என்ற பெயர்களை அந்தக் கணக்காளரால் எடுத்துச் செல்ல முடியாது. ஒரு தொல்லையை எடுத்துச் செல்ல முடியும். தமக்குத் தெரிந்த தொழிற்சாலையில் அதே தொல்லை பேச்சில் வரும்போது உங்கள் நினைவு அவருக்கு வரும்.

எனவே எழுத உட்காரும் முன் உங்கள் ஆர்டர் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக வந்த பத்துப் பன்னிரண்டு புதிய வாடிக்கையாளர்களை மட்டும் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் வாங்குபவர்களை விட்டுவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் எதிரே ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதுங்கள்: அவர் உங்களை அழைப்பதற்கு முந்தைய நாள் அவரது ஆலையில் என்ன நடந்தது? “தரமான சீல் தேவைப்பட்டது” என்பது விடையாகாது. “பம்பில் எண்ணெய் ஒழுகியது, பம்பைச் செய்த நிறுவனம் அந்த மாடலை நிறுத்திவிட்டது, கிழிந்த சீலைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக அலைந்தார்” என்பதே விடை. பட்டியல் முடிந்ததும் ஏதாவது ஒரு சூழல் மூன்று நான்கு முறை திரும்ப வந்திருப்பதைக் காண்பீர்கள். பெரிய உற்பத்தியாளர்கள் ஏற்கத் தயங்கும் சிறு எண்ணிக்கை ஆர்டர்களை எடுக்கும் நிறுவனங்களில், பழைய இயந்திரத்துக்கு உதிரி கிடைக்காத சூழலே அடிக்கடி தென்படும். உங்கள் புத்தகத்திலும் அப்படியே இருப்பதாக வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். வேறு சூழல் வந்தால் அதை இங்கே பொருத்திக்கொள்ளலாம். அடிக்கடி வரும் சூழல் லாபமில்லாததாக இருந்தால் அதை எடுக்காதீர்கள். எந்த வேலையைச் சொல்கிறீர்களோ அதுதான் வந்து சேரும்.

இப்போது அறிமுகத்தை எழுதலாம். நாம் பேசும் தமிழிலேயே எழுத வேண்டும். எழுத்துத் தமிழில் மனப்பாடம் செய்தால், மேடையில் அது ஒப்பிப்பதாகவே கேட்கும். வினை கடைசியில் வரும் மொழி நம்முடையது என்பதால், நீண்ட வாக்கியத்தின் முடிவு வரும் வரை என்ன செய்கிறோம் என்பதே கேட்பவருக்குத் தெரியாது. ஆகவே வாக்கியங்கள் சிறியவையாக இருக்கட்டும். உங்களுக்கான வரைவு இது:

“மெஷின் நல்லா இருக்கும். உள்ளே இருக்கிற ஒரு ரப்பர் சீல் கிழிஞ்சு எண்ணெய் ஒழுகும். கம்பெனியில கேட்டா, அந்த மாடலே இப்ப இல்லைம்பாங்க. அந்தக் கிழிஞ்ச சீலை எங்ககிட்ட குடுங்க. டிராயிங் வேண்டாம். பத்துப் பீஸ் போதும்னாலும் அச்சு போட்டு, மூணு வாரத்துல தர்றோம். பழைய மெஷின்களைப் பார்த்துக்கிற மெயின்டனன்ஸ் மேனேஜர் யாராவது உங்களுக்குத் தெரியுமா? அவர்கிட்ட என்னைப் பேச வைங்க. எங்க பேரு (இங்கே உங்கள் பிராண்டின் பெயர்). பழைய மெஷினுக்குப் புது சீல்.”

இதில் சுமார் 50 சொற்கள் உள்ளன. அவசரமில்லாமல், இரண்டு இடங்களில் மூச்சு விட்டுப் பேசினால் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். செல்பேசியில் பதிவு செய்து நேரத்தைப் பாருங்கள். 27 விநாடிக்கு மேல் போனால் ஒரு வாக்கியத்தை நீக்குங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள். மேடையில் பதற்றத்தில் சிலர் வேகமாகவும் சிலர் இழுத்தும் பேசுவார்கள் என்பதால் அந்த மூன்று விநாடி இடைவெளி தேவைப்படும்.

பெயர் ஏன் கடைசியில் வருகிறது என்று கேட்பீர்கள். நீங்கள் எழும்போது, பக்கத்தில் இருப்பவர் தம் முறைக்காகத் தாம் சொல்லப்போவதை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பார். அந்த முதல் சில விநாடிகளில் சொல்லும் பெயர் காதில் விழுந்தாலும் நிற்க இடமிருக்காது. எதனோடு அதைச் சேர்த்து நினைவில் வைப்பது என்று அவருக்கு இன்னும் தெரியாது. தொல்லையையும் அதன் தீர்வையும் கேட்ட பிறகு வரும் பெயருக்குத்தான் பற்றிக்கொள்ள ஏதோ இருக்கிறது. ஆனால் பெயரை இறுதிச் சொல்லாக விடக் கூடாது. வாக்கியம் முடியும்போது குரல் இயல்பாகத் தாழும்; அதற்குள் கைதட்டலும் தொடங்கிவிடும். அதனால்தான் பெயருக்குப் பின் “பழைய மெஷினுக்குப் புது சீல்” என்ற சிறு தொடர் இருக்கிறது. கைதட்டல் எதையாவது விழுங்க வேண்டுமென்றால் அதன் கடைசிச் சொல்லை விழுங்கட்டும். பெயருக்கு முன்னும் பின்னும் ஒரு விநாடி நிறுத்துங்கள். உங்கள் பிராண்டு மூன்று முதலெழுத்துகளால் ஆனது என்றால் கூடுதல் கவனம் வேண்டும், ஏனெனில் ஒலிபெருக்கியில் அத்தகைய எழுத்துகள் ஒன்றுபோல் கேட்கும். அந்தச் சிறு தொடரை அட்டையிலும் பொட்டலத்திலும் அதே சொற்களில் அச்சிடுவது நல்லது.

எண்களைப் பற்றி எச்சரிக்கை தேவை. ரப்பரை அச்சில் வைத்து வேகவைப்பது நிமிடக்கணக்கில் முடியும் வேலை. நாள்களைத் தின்பது புதிய அச்சு செய்வதுதான். அச்சு ஏற்கெனவே இருந்த ஏதோ ஒரு ஆர்டரை இரண்டு நாளில் முடித்தீர்கள் என்பதற்காக மேடையில் “இரண்டு நாள்” என்று சொன்னால், அறிமுகப்படுத்தியவரின் மானமும் சேர்ந்து போகும். அவர் இனி யாரையும் அனுப்பமாட்டார். கடந்த ஆண்டு ஆர்டர்களில் ஒன்றிரண்டு தவிர மற்ற எல்லாவற்றையும் எத்தனை நாளுக்குள் முடித்தீர்களோ, அந்த எண்ணைச் சொல்லுங்கள். வரைவில் உள்ள மூன்று வாரமும் பத்துப் பீஸும் உதாரணங்கள்தாம். உங்கள் புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதுவே வர வேண்டும். “உயர்ந்த தரம்”, “நியாயமான விலை” இரண்டையும் நான் வேண்டுமென்றே நீக்கியிருக்கிறேன், ஏனெனில் அவற்றின் எதிர்ச்சொல்லை எவரும் தம்மைப் பற்றிச் சொல்வதில்லை.

கோரிக்கையிலும் அதே நுணுக்கம் உண்டு. “யாருக்காவது ரப்பர் பொருள் தேவைப்பட்டால் சொல்லுங்கள்” என்றால் எவர் முகமும் நினைவுக்கு வராது. “பழைய மெஷின்களைப் பார்த்துக்கிற மெயின்டனன்ஸ் மேனேஜர்” என்றால், மைத்துனரோ முன்னாள் சக ஊழியரோ ஒருவர் கண்முன் வந்து நிற்பார். கொள்முதல் அதிகாரியைக் கேட்காமல் பராமரிப்புப் பொறுப்பாளரைக் கேட்பதற்கும் காரணம் உண்டு. இயந்திரம் நின்றால் முதலில் வியர்ப்பவர் அவர்தான்.

மாதிரி கொண்டுபோகலாமா என்று பலர் கேட்கிறார்கள். விரலளவு சீலை மேடையில் தூக்கிக் காட்டினால் இரண்டாவது வரிசைக்கே தெரியாது. அதை உட்கார்ந்த பிறகு பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுங்கள். கிழிந்த பழையது ஒன்றும் அதற்காக நீங்கள் செய்த புதியது ஒன்றும் போதும். எண்ணெயில் கிடந்து ஊதிப்போன இ.பி.டி.எம். வளையத்தையும், அதே எண்ணெயில் பெரிதாக உருமாறாத நைட்ரில் வளையத்தையும் சேர்த்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. மேடையில் விட்ட பொருள் பெயர்களுக்கு இதுதான் இடம். எந்தச் சீலுக்கு எந்த ரப்பர் என்று தேர்ந்தெடுத்துத் தருபவர் நீங்கள் என்பது விரல் பட்டாலே புரியும்.

அறிமுகம் வேலை செய்கிறதா என்பதைக் கைதட்டலை வைத்தோ “அருமையாகப் பேசினீர்கள்” என்ற பாராட்டை வைத்தோ அறிய முடியாது. இடைவேளையில் வரும் முதல் கேள்வியைக் கவனியுங்கள். “ஒரு பீஸ் என்ன விலை?” என்று தொடங்கினால், எங்கும் கிடைக்கும் பொருளாக உங்களை நினைத்திருக்கிறார், தொல்லை அவர் மனதில் பதியவில்லை. “அப்படியானால் டயரும் செய்வீர்களா?” என்றால் ரப்பர் என்ற சொல் மட்டுமே நின்றிருக்கிறது. “எங்கள் சித்தப்பா ஆலையில் ஒரு பழைய பிரஸ் இருக்கிறது...” என்று தொடங்கினால் சரியாகச் சேர்ந்திருக்கிறது. தெரிந்தவர் ஒருவரிடம், சந்திப்பு முடிந்து இரண்டு நாள் கழித்து, “நான் என்ன செய்கிறேன் என்று உங்கள் நண்பருக்கு எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் வாயில் வரும் வாக்கியத்தில் கிழிந்த சீலும் உங்கள் பெயரும் இருக்க வேண்டும். பெயர் விட்டுப்போனால் நிறுத்தங்களையும், சீல் விட்டுப்போனால் முதல் இரண்டு வாக்கியங்களையும் திருத்துங்கள்.

அந்தச் சித்தப்பா ஆலைப் பேச்சு வரும்போது மறுபடியும் நிறுவன வரலாற்றைத் தொடங்கிவிடாதீர்கள். பயன்பட்ட சீல் ஊதியோ அமுங்கியோ இருக்கும். அதை மட்டும் அளந்து செய்தால் பொருந்தாமல் போகலாம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே “சீல் உட்காருகிற பள்ளத்தோட அளவு எடுக்க முடியுமா? அதுல எண்ணெய் ஓடுதா, நீராவியா?” என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விகளே உங்கள் அனுபவத்தை, ஆண்டுக்கணக்கைச் சொல்லாமலே, காட்டிவிடும். விடை அவருக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவரின் எண்ணைத் தருவார். நீங்கள் கேட்ட அறிமுகம் அதுதான்.

ஒரே குழுவில் மாதந்தோறும் பேசுபவராக இருந்தால் தொடக்கத் தொல்லையை மட்டும் மாற்றுங்கள்: ஒரு மாதம் எண்ணெய் ஒழுகும் பம்பு, அடுத்த மாதம் நீராவி பட்டு இறுகி வெடித்த மூடி கேஸ்கெட். கோரிக்கையையும் பெயரையும் கடைசித் தொடரையும் ஓர் எழுத்துக்கூட மாற்றாதீர்கள். உங்களுக்கு அவை சலித்துப்போகும் சமயத்தில்தான் மற்றவர்கள் அவற்றைத் திருப்பிச் சொல்லத் தொடங்குவார்கள்.