மூன்று லேப், ஒரு மாலை

“வேலை முடித்து மாலை வகுப்புக்குப் போகிறேன். டையோடு, ரெக்டிஃபையர், ஃபில்டர் மூன்று லேபும் விட்டுப்போச்சு. எப்படி ஈடுகட்டுவது?”

ரெக்டிஃபையரில் தொடங்குங்கள். அதே சர்க்யூட்டில் கெப்பாசிட்டரைச் சேர்த்தால் ஃபில்டர் லேபும் முடிந்தது. டையோடு கடைசியில்.

நேரத்தைத் தின்பது பெரும்பாலும் வயரிங் இல்லை. வந்த ரீடிங் சரியா என்ற குழப்பம்தான். அதனால் கணக்கை முந்தின நாளே போட்டுவிடுங்கள். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் உச்சம் சுமார் 17. பிரிட்ஜில் இரண்டு டையோடுக்கு 1.4 போக, மீதி 15.6. டிசி மீட்டர் உச்சத்தை இல்லை, சராசரியைத்தான் காட்டும்; அதனால் கெப்பாசிட்டர் சேர்க்கும் முன் அது 10 வோல்ட் அருகே காட்ட வேண்டும். 5 காட்டினால் ஏதோ ஒரு டையோடு சரியாக இணையவில்லை.

லோடு குறைவாக இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் 12-க்கு மேலேயே தரும். முதலில் அதை அளந்து, அப்புறம் கணக்கைத் திருத்துங்கள். ஒரே நாளில் மூன்றுக்கும் கையெழுத்துக் கிடைக்குமா என்று லேப் பொறுப்பாளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்; சிலர் ஒத்துக்கொள்வதில்லை.