லைசென்ஸ் நிறுத்தம், ரத்து, தடை: எது தானாகத் திரும்பும்?

கேள்வி: சிங்கப்பூரில் கம்பெனி வேன் ஓட்டுகிறேன். 2025 மார்ச்சில் சிவப்பு விளக்கை மீறியதற்கு 12 குற்றப் புள்ளி. 2026 ஜனவரியில் கைப்பேசி பிடித்ததற்கு இன்னொரு 12. லைசென்ஸை நிறுத்தி வைக்கப்போவதாகக் கடிதம் வந்திருக்கிறது. ரத்தாகிவிடுமா? அப்பீல் செய்யலாமா? ஊர் லைசென்ஸ் கையில் இருக்கிறது, அதை வைத்து ஓட்டலாமா?

பதில்: ரத்தாகாது. 24 மாதத்துக்குள் 24 புள்ளி சேர்ந்தால் போக்குவரத்துக் காவல்துறை உரிமத்தை இடைநிறுத்தும். முதல் முறை என்றால் 12 வாரம். அந்த வாரங்கள் முடிந்ததும் மறுபடி தேர்வு எழுதாமல் ஓட்டலாம்.

ஊர் லைசென்ஸ் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். நிறுத்தம் என்பது சிங்கப்பூர்ச் சாலையில் நீங்கள் ஓட்டுவதற்கான தடை, வெறும் அட்டைக்கானது அல்ல. அந்தக் காலத்தில் ஓட்டிப் பிடிபட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வாகனமும் பறிமுதல் ஆகலாம். காப்புறுதியும் கைகொடுக்காது. எனவே முதலாளியிடம் மறைக்காமல், நிறுத்தம் தொடங்கும் தேதியைச் சொல்லிவிடுங்கள். தேதி கடிதத்திலேயே இருக்கும்.

அப்பீலுக்கு வருவோம். புள்ளியை எதிர்க்க வேண்டிய இடம் நிறுத்தக் கடிதம் அல்ல, அதற்கு முன் வந்த அபராத நோட்டீஸ். அபராதத்தைக் கட்டினால் குற்றத்தை ஏற்றதாகிப் புள்ளி பதிவாகிவிடும். வேனை வேறொருவர் ஓட்டியிருந்தால், நோட்டீஸ் சொல்லும் கெடுவுக்குள் கம்பெனி அவர் விவரத்தைத் தந்திருக்க வேண்டும். ஓட்டாத ஒருவர் தலையில் கட்டிவிடுவது தனிக்குற்றம். குற்றமே நடக்கவில்லை என்று தோன்றினால் கட்டாமல் நீதிமன்றத்தில் வாதாடலாம். தோற்றால் புள்ளி விழும். 'வேலை போய்விடும்' என்று மட்டும் எழுதும் முறையீட்டைப் பெரிதாக நம்பவேண்டாம். ஏறக்குறைய எல்லாரும் எழுதுவது அதைத்தான்.

உங்கள் கணக்கில் இரண்டு வழிகள் நழுவிவிட்டன. தொடர்ந்து 12 மாதம் குற்றமில்லாமல் இருந்தால் பழைய புள்ளிகள் அழியும். உங்கள் இரண்டாம் குற்றம் பத்தாம் மாதமே வந்துவிட்டது. மற்றொன்று, வரம்பில் பாதியை எட்டியவர்கள் பாதுகாப்பாக ஓட்டும் பயிற்சியில் தேர்ச்சி பெற்று 4 புள்ளி குறைத்துக்கொள்ளலாம். முதல் 12 விழுந்ததும் அதைச் செய்திருந்தால் 8 + 12 = 20, கடிதமே வந்திருக்காது.

நிறுத்தம் முடிந்த பிறகு இன்னும் கவனமாக இருக்கவேண்டும். அதன்பின் உங்கள் வரம்பு 24 அல்ல, 12 மாதத்தில் 12. அதாவது ஒரே ஒரு சிவப்பு விளக்கு போதும், 24 வாரம் நிற்க வேண்டியதுதான். அதற்கடுத்தது ஓராண்டு.

ஓராண்டு என்பதுதான் எல்லைக்கோடு. நிறுத்தம் ஓராண்டோ அதற்கு மேலோ ஆனால் உரிமம் செல்லாததாகிவிடும். காலம் முடிந்தாலும் தானாகத் திரும்பாது. அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வு, இறுதிக் கோட்பாட்டுத் தேர்வு, சாலையில் ஓட்டிக் காட்டும் தேர்வு என எல்லாவற்றையும் மறுபடி தேற வேண்டும். லைசென்ஸ் எடுத்த முதல் ஆண்டுக்குள் 13 புள்ளி சேர்த்துவிடும் புதிய ஓட்டுநருக்கு நடப்பதுதான் ரத்து. அவருக்கும் திரும்ப வழி அதே தேர்வுகள்தாம்.

மூன்றாவதான தடை, அதாவது தகுதியிழப்பு, புள்ளிக் கணக்கில் வருவதல்ல. மது அருந்தி ஓட்டுதல், அபாயகரமாக ஓட்டுதல் போன்ற வழக்குகளில் நீதிபதி தண்டனையோடு விதிப்பது. சிறையும் சேர்ந்தால் பெரும்பாலும் விடுதலையான நாளிலிருந்துதான் தடை எண்ணத் தொடங்கும். ஓராண்டு விதி இங்கும் உண்டு. 11 மாதத் தடை முடிந்தால் நேராக வண்டியில் ஏறலாம், 12 மாதமென்றால் தேர்வுக் கூடம். தண்டனையைக் குறைக்கக் கேட்கும் வழக்கறிஞர்கள் அந்த ஒரு மாதத்துக்காக வாதாடுவது இதனால்தான்.

தகுதியிழப்பை மாற்றக் காவல்துறைக்கு எழுதிப் பயனில்லை. அதை மாற்றக்கூடியது நீதிமன்றம்தான். தண்டனை விதித்த 14 நாளுக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீட்டு அறிவிப்பு தாக்கல் செய்ய வேண்டும். மேல்முறையீடு முடியும்வரை தடையை நிறுத்திவைக்கவும் தனியாகக் கேட்க வேண்டும். தடை கட்டாயமான குற்றங்களில் 'சிறப்புக் காரணம்' காட்டினால்தான் அதிலிருந்து தப்பலாம். அந்தக் காரணம் குற்றம் நடந்த சூழலைச் சார்ந்ததாக இருக்க வேண்டும். உயிருக்குப் போராடியவரை ஏற்றிச் சென்றது, வேறு வழியே இல்லாதது என்றால் வாதிட இடமுண்டு. ஓட்டுநர் வேலையை நம்பிக் குடும்பம் இருப்பது அந்தக் கணக்கில் வராது.

வண்டியை மறுபடி எடுக்கும் நாளுக்கு முன் சிங்பாஸ் மூலம் காவல்துறை இணையச் சேவையில் நுழைந்து உரிம நிலையையும் புள்ளியையும் பாருங்கள். கைவிரலில் வாரத்தை எண்ணி ஒரு நாள் முந்தி ஓட்டினாலும், அது நிறுத்தக் காலத்தில் ஓட்டியதாகவே கொள்ளப்படும்.