விலை குறைந்த தேயிலையும் அமெரிக்க விடுதலையும்

கேள்வி: தேயிலைக்குப் போட்ட சின்ன வரிக்காகவா அமெரிக்கர்கள் பிரிட்டிஷ் அரசரையே உதறிவிட்டுப் போனார்கள்?

வரி சின்னதுதான், ஒரு பவுண்டு தேயிலைக்கு மூன்று பென்ஸ். 1773 சட்டத்தால் தேயிலை விலை குறையத்தான் இருந்தது. நம் சென்னைக் கோட்டையில் இருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனி, கிடங்கில் தேங்கிய சரக்கை நேரடியாக அமெரிக்காவில் விற்க லண்டன் அனுமதித்தது.

மலிவு விலையில் வாங்கிக் குடித்தால், தங்கள் உறுப்பினர் ஒருவர்கூட இல்லாத நாடாளுமன்றம் வரி போடலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். குடியேறிகளை உறுத்தியது அதுதான். அதுவரை உள்ளூர் வரிகளை அவர்களுடைய சட்டசபைகளே விதித்து வந்தன. 1765 முத்திரை வரியை எதிர்ப்புக்குப் பணிந்து மறு ஆண்டே திரும்பப் பெற்ற லண்டன், எந்த விஷயத்திலும் உங்களுக்குச் சட்டமியற்றும் உரிமை எங்களுக்கு உண்டு என்று கூடவே ஒரு சட்டமும் போட்டது. வினையே அங்கேதான்.

1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் குடியேறிகள் கடலில் கொட்டினார்கள். தண்டனையாக பாஸ்டன் துறைமுகத்தை லண்டன் மூடியது, மாசசூசெட்ஸின் தன்னாட்சியையும் வெட்டியது. இன்று பாஸ்டன், நாளை நாமா என்று மற்ற காலனிகளும் மிரண்டன.

அப்போதும் பலர் அரசரை நம்பினார்கள். கெட்டது நாடாளுமன்றம்தான் என்பது அவர்கள் கணக்கு. சண்டை தொடங்கிய பிறகும், 1775 ஜூலையில், மூன்றாம் ஜார்ஜுக்குச் சமாதான மனு அனுப்பினார்கள். அவரோ அதை ஏற்காமல், காலனிகள் கலகத்தில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். அதனால்தான் 1776 ஜூலை 4 விடுதலைப் பிரகடனத்தின் குற்றப்பட்டியல் அரசரையே குறிவைக்கிறது.