மீட்டர் 1,480 வாட் காட்டுகிறது. ஏசிக்கு மாதம் எவ்வளவு எடுத்துவைப்பது?

கேள்வி: திருச்சியில் சொந்த வீடு. போன மாதம் 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி வாங்கினோம். எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்க்க, பிளக்கில் செருகும் எனர்ஜி மீட்டர் ஒன்றையும் வாங்கினேன். ஏசி போட்டதும் 1,480 வாட் காட்டியது. இரவு 8 மணி நேரம் ஓடினால் மாதம் 355 யூனிட். ஏசிக்கு முன்பு இரண்டு மாதத்துக்கு 360 யூனிட் ஓடி, பில் 987 ரூபாய் வந்தது. அதாவது யூனிட்டுக்கு 2 ரூபாய் 74 காசு. அப்படியானால் ஏசிக்கு மாதம் 975 ரூபாய் போதுமா? காலையில் பார்த்தபோது kWh என்ற இடத்தில் 4.2 என்று இருந்தது, அது என்னவென்று புரியவில்லை. மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு, மதியமும் 4 மணி நேரம் போடுவோம்.

பதில்: வேடிக்கை என்னவென்றால், இரவு ஓட்டத்துக்கு நீங்கள் சொன்ன 975 ரூபாய் கிட்டத்தட்ட சரி. ஆனால் அது இரண்டு தவறுகள் ஒன்றை ஒன்று சமன்செய்ததால் வந்த விடை. யூனிட்டை ஏறத்தாழ மூன்று மடங்கு கூட்டிவிட்டீர்கள், யூனிட் விலையை அதே அளவுக்குக் குறைத்துவிட்டீர்கள். மதிய ஓட்டத்தைச் சேர்க்கும்போது இந்த அதிர்ஷ்டம் கைகொடுக்காது.

முதலில் அந்த 4.2. உங்களுக்கு வேண்டிய எண்ணே அதுதான். kWh என்பது நம் ஊர் பேச்சில் யூனிட். அந்த இரவு முழுவதும் ஏசி தின்றது 4.2 யூனிட். நீங்கள் பார்த்த 1,480 வாட் அந்த நொடியின் வேகம் மட்டுமே. சூடேறிக் கிடக்கும் அறையைக் குளிர்விக்க இன்வெர்ட்டர் ஏசியின் கம்ப்ரசர் முதல் அரை மணி, முக்கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓடும். அறை நீங்கள் வைத்த அளவுக்குக் குளிர்ந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவாக ஓடும். நடு இரவில் எழுந்து பார்த்தீர்களானால் 300, 400 என்று காட்டும். 4.2 யூனிட்டை 8 மணி நேரத்துக்குப் பிரித்தால் சராசரி 525 வாட்தான் வருகிறது. அதனால் வாட் எண்ணை மறந்துவிடுங்கள். தினமும் காலையில் kWh எண்ணை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதி வாருங்கள். கரண்ட் போய் வந்தால் சில மீட்டர்கள் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும், எழுதிவைத்தால் கவலையில்லை. ஒரே இரவை நம்ப வேண்டாம். மழை பெய்த இரவும் புழுக்கமான இரவும் கலந்து ஒரு வாரமாவது பார்த்து, அதன் சராசரியை எடுங்கள்.

மீட்டர் சொல்வது உண்மையா என்பதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஏசி நிதானமாக ஓடும்போது வீட்டில் மற்ற எல்லாவற்றையும், ஃபிரிட்ஜ் உட்பட, சில நிமிடங்கள் அணைத்துவிட்டு இபி மீட்டர் முன்னால் போய் நில்லுங்கள். அதில் ஒரு சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும், பக்கத்தில் imp/kWh என்று ஓர் எண் அச்சடித்திருக்கும். அது 3200 என்றால், 3,200 முறை மின்னினால் ஒரு யூனிட். நிமிடத்துக்கு 27 முறை மின்னினால் மணிக்கு 1,620, அதாவது அரை யூனிட். அதே நேரத்தில் பிளக் மீட்டர் 500 வாட்டை ஒட்டிக் காட்டினால் நம்பலாம். 600, 650 என்று காட்டினால், பில் போடப்போவது இபி மீட்டர்தான் என்பதால் அந்த விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மீட்டர் 16 ஆம்பியர் தாங்குவதுதானா என்று அதன் பின்புறம் பாருங்கள். 10 ஆம்பியர் மீட்டரை ஏசிக்குச் செருகக் கூடாது. ஸ்டெபிலைசர் இருந்தால் மீட்டர் சுவர் பக்கம் இருக்க வேண்டும், அப்போதுதான் ஸ்டெபிலைசர் தின்பதும் கணக்கில் வரும். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு ஸ்விட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது. அளப்பதை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சரி, இனி பணம். ஏசி ஓடும் யூனிட்டுகள் உங்கள் பில்லின் சராசரி விலையில் வருவதில்லை, ஏற்கெனவே இருக்கும் 360க்கு மேலே போய் உட்காருகின்றன. நம் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, படிப்படியாக ஏறும் விலை. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 400 வரை 4.70, அடுத்த நூறுக்கு 6.30. 500ஐத் தாண்டினால் அடுத்த நூறு 8.40, அதற்கு மேல் 800 வரை 9.45. உங்கள் பில்லில் உள்ள விகிதம் மாறியிருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை இதேதான்.

ஓர் இரவுக்கு 4.2 என்றால் 60 இரவுக்கு 252 யூனிட். வீட்டின் 360ஐயும் சேர்த்தால் 612. இதில் ஏசியின் முதல் 40 யூனிட்டுக்கு 188 ரூபாய், அடுத்த நூறுக்கு 630, அதற்கடுத்த நூறுக்கு 840, மீதி 12க்கு 113. இதோடு முடியவில்லை. 500ஐத் தாண்டியதும் இரண்டாவது நூறுக்குக் கிடைத்துவந்த பாதி விலைச் சலுகை போய்விடும், அதற்கு 235 ரூபாய். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். 501வது யூனிட் ஒன்றுக்காக மட்டும் பில் 240 ரூபாய்க்கு மேல் குதிக்கும். ஆக ஏசிக்கு 2,006 ரூபாய், மொத்த பில் 2,993. ஏசியின் ஒரு யூனிட் உங்களுக்கு 8 ரூபாய் ஆகிறது, 2.74 அல்ல. மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்.

இப்போது மே மாத மதியம். வெயில் உச்சத்தில் கம்ப்ரசர் இரவைப் போல மெதுவாக ஓடாது. மணிக்கு 0.8 யூனிட் என்று வைத்துக்கொள்வோம், நீங்கள் இரண்டு மூன்று மதியம் அளந்து திருத்திக்கொள்ளுங்கள். 4 மணி நேரத்துக்கு 3.2, 30 நாளுக்கு 96 யூனிட். 612க்கு மேலே வருவதால் இவை அத்தனையும் 9.45 ரூபாய் விலையில் விழும், 907 ரூபாய். உங்கள் பழைய கணக்கில் இது 490க்குள் முடிந்திருக்கும். இந்த 900 ரூபாய்க்காகப் பிள்ளைகளை வேகவைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் மதியம் அவர்கள் வேறு அறையில் இருக்கும்போது இந்த ஏசி சும்மா ஓடினால், வீட்டிலேயே விலை உயர்ந்த யூனிட்டுகள் அவைதான்.

ஆகவே லீவு வரும் பில் 3,900 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, அந்த இரண்டு மாதமும் மாதத்துக்கு 1,950 தனியே எடுத்துவையுங்கள். கத்திரி வெயில் தொடங்கியதும் இரவு ஓட்டத்தையும் மறுபடி அளந்துகொள்ளுங்கள், 4.2 என்பது 5ஐத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. நாட்களை மாதத்தின் ஒன்றாம் தேதியிலிருந்து எண்ணாமல், கடைசியாக ரீடிங் எடுத்த தேதியிலிருந்து எண்ணுங்கள். ரீடிங் எடுக்க வருபவர் 5 நாள் தாமதித்தால், வீட்டுச் செலவும் ஏசியுமாக 50 யூனிட்டுக்கு மேல் கூடி, அதுவும் 9.45 விலையில்தான் ஏறும்.