குறிப்பை முதலில் திருப்பி வாங்குங்கள்

கேள்வி: நான் ஒரு பெண், எனக்கு 27 வயது. பிறந்து வளர்ந்தது எல்லாம் ஸ்காபரோவில்தான். நான்கு வருடமாக ஒரு பெண்ணைக் காதலிக்கிறேன், வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மா என் குறிப்பைத் தரகரிடம் கொடுத்துவிட்டார். டிசம்பரில் யாழ்ப்பாணம் போகும்போது ஒரு இடத்தைச் "சும்மா பார்த்துவிட்டு வருவம்" என்கிறார். என் நண்பர்களோ, "இன்றைக்கே சொல்லிவிட்டு வீட்டைவிட்டு வா, இல்லாவிட்டால் நீ வாழ்வது பொய்" என்கிறார்கள். நான் யார் பேச்சைக் கேட்பது? என் தமிழைத் திருத்திப் போடுங்கள்.
— பெயர் வேண்டாம், ஸ்காபரோ

பதில்: இப்போதைக்கு இரண்டு பக்கத்தையும் கேட்க வேண்டாம். குறிப்பைத் திருப்பி வாங்குங்கள். உங்கள் காதலை வீட்டில் சொல்வது ஆறு மாதம் பொறுக்கும். குறிப்பு ஆறு நாளும் பொறுக்காது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகனின் குறிப்பை அம்மா ஐந்து போட்டோக் கொப்பி எடுத்திருந்தார். ஒவ்வொன்றின் பின்னாலும் உயரம், படிப்பு, "கனடா சிற்றிசன்" என்று நீல மையில் அவர் கையால் எழுதியது. இரண்டு இங்கே தரகர்களிடம், மூன்று ஊருக்குப் போனது. மகன் ஆண்களை விரும்புகிறவன், வாயைத் திறக்கவில்லை. ஊரில் ஒரு பெண் வீட்டில் பொருத்தம் சரிவந்து, படம் பார்த்து, அந்தப் பிள்ளை வேலையை விடுவதா என்று யோசிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. கடைசியில் அக்காதான் ஐந்து இடத்துக்கும் தொலைபேசி எடுத்து, "தம்பிக்கு இப்போது கலியாணம் பேசவில்லை, குறிப்பைத் தந்துவிடுங்கள்" என்று சொல்லி ஒவ்வொன்றாக நிறுத்தினார். ஊரில் அந்தப் பெண்ணைப் பற்றித்தான் பேச்சு எழுந்தது. "ஏன் குழம்பியது, பெட்டையில் ஏதும் குறையோ?" என்றார்கள். மகனைப் பற்றி யாரும் ஒரு சொல் கேட்கவில்லை.

உங்கள் விஷயத்திலும் அந்த "சும்மா பார்ப்பதன்" மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார். அம்மாவின் மனத்துக்காகக் கட்டிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்ற எண்ணம் எந்த மூலையில் இருந்தாலும் அதை இன்றே விடுங்கள். கணவரைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்தால், அவர் நிரந்தர வதிவிடம் பெற்ற நாளிலிருந்து 3 ஆண்டு அவருடைய செலவுக்கு நீங்கள் பொறுப்பு என்று அரசாங்கத்துக்குக் கையெழுத்து வைக்கிறீர்கள். இடையில் பிரிந்தாலும் விவாகரத்தானாலும் அந்தப் பொறுப்பு நிற்காது. ஒரு பொய்க்கு இரண்டு பேர் கட்டும் வட்டி அது.

ஆகவே அம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வசனம்: "அம்மா, எனக்கு இப்ப கலியாணம் பேச வேண்டாம், குறிப்பைத் திருப்பி வாங்குங்கோ." ஏன் என்று கேட்பார். "ஏனென்று பிறகு சொல்கிறேன், ஆனால் இதில் மாற்றமில்லை" என்பதோடு நிறுத்துங்கள். பொய்க் காரணம் மட்டும் சொல்லாதீர்கள். மேற்படிப்பு, வேலை மாற்றம் என்று எதைச் சொன்னாலும் அம்மா அந்தக் காரணம் முடியும் நாளைக் கணக்கு வைத்துவிடுவார்.

அடுத்து உங்கள் நண்பர்கள். அவர்கள் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் உங்கள் வீடு எப்படி ஓடுகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. நம்மவர் வீடுகள் பலவற்றில் வீட்டுக் கடன் பிள்ளையின் சம்பளத்தைக் காட்டி எடுத்தது. உங்கள் கையெழுத்தும் அதில் இருந்தால், நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன பின்னும் வங்கிக்கு நீங்கள் கடன்காரர்தான். வங்கி சம்மதித்துக் கடனை மாற்றி எழுதினால் மட்டுமே பெயர் நீங்கும், அதற்கு அப்பாவின் வருமானம் தனியாகப் போதுமானதாக இருக்க வேண்டும். அப்பாவை டொக்டரிடம் கூட்டிப்போய் மொழிபெயர்ப்பதும் அநேகமாக நீங்கள்தான். இதையெல்லாம் ஒரு இரவில் அறுத்துக்கொண்டு வருவதுதான் நேர்மை என்றால், அந்த நேர்மை வேறு மாதிரிக் குடும்பங்களை வைத்து அளந்தது. நீங்கள் மறைக்கிறீர்கள் என்பது உண்மைதான். ஆனால் ஆயத்தமாவதற்காக மறைப்பதும், ஏமாற்றுவதற்காக மறைப்பதும் ஒன்றல்ல. குறிப்பு தரகரின் கையில் இருக்கும்வரைதான் உங்கள் மௌனம் இரண்டாவது வகை.

சரி, எப்போது சொல்வது? யாழ்ப்பாணத்தில் வைத்துச் சொல்லாதீர்கள். ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்கும் 365, 365A பிரிவுகள், ஆங்கிலேயர் 1883இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையில் அங்கே இன்னும் இருக்கின்றன. முதலில் ஆண்களை மட்டும் குறித்த 365Aயை 1995இல் திருத்திப் பெண்களையும் உள்ளே இழுத்தார்கள். இதை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொல்லியும் பிரிவுகள் போகவில்லை. சட்டத்தை விடவும் பெரிய சிக்கல், அங்கே நீங்கள் மாமா வீட்டில் விருந்தாளி. கதவைச் சாத்திக்கொண்டு அழக்கூட உங்களுக்கென்று ஒரு அறை இராது, அம்மாவுக்கும் இராது.

இங்கே சொல்லுங்கள், அம்மாவிடம் தனியாக, மறுநாள் வேலையோ கொண்டாட்டமோ இல்லாத ஒரு நாளில். அதற்கு முன் உடன்பிறப்பு ஒருவருக்கோ, நம்பக்கூடிய ஒரு சித்திக்கோ தெரிந்திருக்கட்டும். அது உங்களுக்காக மட்டுமல்ல. நான்கு வருடம் நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்ததை அம்மாவின் தலையில் ஒரே மாலையில் இறக்குகிறீர்கள். உங்களுக்குத் தோழிகள் இருந்தார்கள். அவருக்கு இதைச் சொல்லி அழ யார் இருக்கிறார்கள்? கோடையில் மோர்னிங்சைட் பார்க்கில் ஊர் ஒன்றுகூடல் நடக்கும்போது, தட்டில் கொத்துரொட்டியோடு யாராவது வந்து, "மகளுக்கு இன்னும் ஒன்றும் சரிவரேல்லையோ?" என்று கேட்பார்களே, அந்தக் கேள்விதான் அவருக்கு ஊர். அதற்கு என்ன பதில் சொல்வது என்பதை நீங்களும் அவரும் சேர்ந்து முடிவுசெய்யுங்கள். "அவள் நல்லா இருக்கிறாள், கலியாணம் பேசேல்ல" என்பது போதும். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் சொல்லும் கடமை அவருக்கில்லை.

தமிழிலேயே சொல்லுங்கள். ஆங்கிலத்தில் சொன்னால் அது கனடா கொடுத்த நோய் என்றுதான் அம்மாவின் காதில் விழும். தன்பாலீர்ப்பு என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது, ஆனால் குசினியில் அது எடுபடாது. "எனக்குப் பொம்பிளைப் பிள்ளையளிலதான் விருப்பம், சின்ன வயதிலேயே தெரியும்" என்று சொல்லுங்கள். உங்கள் தோழியின் பெயரையும் சொல்லுங்கள். பெயரும் முகமும் உள்ள ஒருத்தி வந்துவிட்டால், அம்மா பயப்படும் பூதம் கொஞ்சம் சிறுக்கும்.

அழுகை, பட்டினி, அம்மனுக்கு நேர்த்தி எல்லாம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் பொறுக்காதீர்கள். "மாற்றிவிடும்" டொக்டரிடமோ சாமியாரிடமோ கொண்டுபோவதாகச் சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். ஒருவரை அப்படி மாற்றும் சிகிச்சைக்கு உட்படுத்துவது 2022 ஜனவரியிலிருந்து கனடாவில் குற்றம். அப்பாவுக்கும் அதைத் தெளிவாகச் சொல்லலாம்.

டிசம்பருக்கு டிக்கெட் போட்டுவிட்டார்களா என்று நீங்கள் எழுதவில்லை. போடவில்லை என்றால், குறிப்பு உங்கள் கைக்கு வந்து சேரும்வரை போட விடாதீர்கள். போட்டுவிட்டார்கள் என்றால் தரகருக்கு நீங்களே தொலைபேசி எடுங்கள், இந்தக் கிழமைக்குள். எத்தனை கொப்பி போனது, எங்கெங்கே போனது என்று கேட்டு எழுதி வையுங்கள்.