ரப்பர் மேல் பழி போடுவதற்கு முன் கதவைப் பாருங்கள்

ஃப்ரிட்ஜ் கதவு ஒரு பக்கம் ஒட்டவே மாட்டேங்குது. பேப்பர் வச்சு இழுத்தா சும்மா வந்துடுது. ரப்பரைச் சூடு காட்டிச் சரி பண்ணலாமா, இல்ல புதுசு மாத்தித்தான் ஆகணுமா?

யாரையாவது கூப்பிட்டுக் காட்டியிருப்பீர்கள், அவர் கதவைத் திறந்த கையோடு "ரப்பர் போயிடுச்சு" என்று சொல்லியிருப்பார் என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நம்பி மாற்றினேன். மாற்றிய ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், பழைய ரப்பரில் பேப்பர் எந்த இடத்தில் உருவிக்கொண்டு வந்ததோ அதே இடத்தில்தான் புது ரப்பரிலும் வந்தது. கைப்பிடிப் பக்கம், மேல் மூலைக்குக் கீழே ஒரு சாண் அளவுக்கு. குற்றம் ரப்பரிடம் இல்லவே இல்லை. அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: இரண்டையும் செய்வதற்கு முன்னால் அரை மணி நேரம் செலவழித்து, கோளாறு ரப்பரிலா கதவிலா என்று பார்த்துவிடுங்கள்.

பேப்பர் சோதனையை நிறைய பேர் ஓரிடத்தில் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு முடித்துவிடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். முறையாகச் செய்ய வேண்டுமானால் முதலில் ரப்பரையும், அது போய் ஒட்டுகிற பெட்டியின் விளிம்பையும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்து உலர விடுங்கள். பிசுக்கு இருந்தால் பேப்பர் அதில் ஒட்டிக்கொண்டு, இறுக்கமாக இருப்பது போல ஏமாற்றும். பிறகு சாதாரண வெள்ளைத் தாளில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு துண்டு. பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்படி வைத்துக் கதவை மூடி, வெடுக்கென்று இல்லாமல் மெதுவாக இழுங்கள். அரை சாணுக்கு ஓரிடம் என்று நான்கு பக்கமும் சுற்றி வாருங்கள். எவ்வளவு இறுக்கம் இருந்தால் சரி என்று யாரும் சொல்ல முடியாது, ஒரே கதவுக்குள் ஓரிடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிடுவதுதான் இந்தச் சோதனை. தளர்ந்த இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

மூலைகளில் மட்டும் பேப்பரை முழுசாக நம்பாதீர்கள். ரப்பருக்குள் ஓடும் காந்தப் பட்டை நான்கு தனித்தனித் துண்டுகள். ரப்பர் சேருகிற மூலையில் காந்தப் பிடிப்பு குறைவாகத்தான் இருக்கும். அங்கே பேப்பர் கொஞ்சம் இலகுவாக வருவது இயல்பு. மூலைகளுக்கு டார்ச்தான் சரி. ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியின் டார்ச்சை எரியவிட்டு, வெளிச்சம் அந்த மூலையைப் பார்க்கும்படி உள்ளே வைத்து மூடுங்கள். வெளியே கீற்று தெரிந்தால் ஓட்டை. தெரியாவிட்டால் ஓட்டையே இல்லை என்று சொல்லிவிட முடியாது, ரப்பரின் மடிப்பு வெளிச்சத்தை மறைத்துவிடும்.

என் கதைக்கு வருகிறேன். பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். வீடு மாறி வந்த பிறகு ஃப்ரீசரில் பனி அளவுக்கு மீறிக் கட்ட ஆரம்பித்தது. வாரம் ஒருமுறை டிஃப்ராஸ்ட் பட்டனை அழுத்தினால் போதும் என்றிருந்தது, இரண்டு நாளைக்கு ஒருமுறை என்றாகிவிட்டது. பனி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை, கைப்பிடிப் பக்கம்தான் மொத்தை மொத்தையாக நின்றது. அதற்கு நேர் வெளியே பெட்டியின் விளிம்பில் முத்து முத்தாக வியர்வை. ஈரக்காற்று எந்த வழியாக உள்ளே போகிறதோ அதற்குப் பக்கத்தில்தான் பனி முதலில் படியும். அன்றைக்கே அதைப் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை, ஆளைக் கூப்பிட்டேன்.

வந்தவர் பேப்பர்கூட வைத்துப் பார்க்கவில்லை. புது ரப்பர் மடித்துச் சுருட்டிய பொட்டலமாக வந்தது, அப்படியே பிரித்து மாட்டிவிட்டுப் போய்விட்டார். மடிந்த இடமெல்லாம் நெளிநெளியாக நின்றது. அப்படி மாட்டக் கூடாது. கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, தரையில் நேராக விரித்து, மடிப்பு விட்ட பிறகுதான் மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு கண்டுபிடித்த என்னைப் போன்றவர்களுக்குத்தான் ஹேர் டிரையர். ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் போக வர ஆட்டிக்கொண்டே இருந்தேன். ரப்பர் கையில் குழைவாக வந்ததும் விரலால் வெளியே இழுத்து நீவி, நெளிவுக்குப் பின்னால் சுருட்டிய துணியைச் செருகி, அது ஆறும் வரை பிடித்துக்கொண்டேன். "ஹேர் டிரையர் காட்டினால் ரப்பர் உருகிவிடும்" என்று கமெண்டில் எழுதப் போகிறவர்களுக்கு: ஆமாம், பக்கத்தில் வைத்து ஒரே இடத்தில் காட்டினால் உருகும். பெயர்தான் ரப்பர், உண்மையில் அது மென்மையான பிவிசி. அதனால்தான் சூட்டுக்கு வளைந்தும் கொடுக்கிறது. வெடித்துக் கிழிந்ததோ, மரம் போல விறைத்துப்போனதோ சூட்டுக்குச் சரியாகாது, அதை மாற்றத்தான் வேண்டும்.

நெளிவு எல்லாம் மூன்று நாளில் போய்விட்டது. அந்த ஒரு சாண் இடம் மட்டும் போகவில்லை. அங்கே நெளிவே கிடையாது, ரப்பர் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. ஆனாலும் பேப்பர் வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு நாள் எரிச்சலில் கதவின் மேல் மூலையை உள்ளங்கையால் அழுத்தியபடி பேப்பரை இழுத்தேன். சிக்கெனப் பிடித்துக்கொண்டது. கையை எடுத்தால் மறுபடி வழுக்கல். அப்போதுதான் உறைத்தது. ரப்பரும் காந்தமும் நன்றாகத்தான் இருக்கின்றன, கதவுதான் அங்கே வந்து சேரவில்லை.

ஸ்கேலை எடுத்து, மூடிய கதவுக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் கைப்பிடிப் பக்கமாக அளந்தேன். கீழே 12 மில்லிமீட்டர். மேலே 17. இந்த அளவை முதல் நாளே எடுத்திருந்தால் புது ரப்பர் வாங்கியிருக்கவே மாட்டேன். நீங்களும் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும். இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருந்து, பேப்பர் மட்டும் ஓரிடத்தில் தளர்ந்தால் ரப்பரைப் பாருங்கள். இடைவெளியே மாறிக்கொண்டு போனால் கதவு முறுக்கிக்கொண்டிருக்கிறது, அல்லது பெட்டி கோணலாக நிற்கிறது.

முதலில் பெட்டி. அதே பேப்பர் துண்டை முன்கால்களுக்கு அடியில் செருகிப் பார்த்தேன். ஒரு காலுக்கு அடியில் தாராளமாக நுழைந்தது, அந்தக் கால் தரையைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. புது வீட்டுத் தரை மேடு பள்ளம். காலைத் திருகி இறக்கி, நாலு காலும் ஊன்றி, முன்பக்கம் ஒரு இழை தூக்கலாக இருக்கும்படி வைத்தேன். 17 என்பது 15 ஆனது. ஒரு திருகலுக்கு இரண்டு மில்லிமீட்டர்! மீதி மூன்று கதவின் முறுக்கல்.

இந்த இடத்தில் ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் மிக்ஸியைக் கழற்றித் திரும்ப மாட்டியபோது ஒரு ஸ்க்ரூ மிச்சமாகிவிட்டது. மிக்ஸி இன்றைக்கும் ஓடுகிறது. ஆனால் நான் ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டாலே வீட்டில் யாராவது ஒருவர் "மிச்சம் எத்தனை வரும்?" என்று கேட்காமல் இருப்பதில்லை. ஒன்றையுமே கழற்றாத என் மச்சானுக்கு அந்த வீட்டில் "பொறுப்பானவர்" என்று பேர். போகட்டும்.

என் ஃப்ரிட்ஜ் பழைய பாணி. ரப்பரின் உள்மடலைத் தூக்கினால் சுற்றிலும் ஸ்க்ரூ வரிசை தெரியும். அந்த ஸ்க்ரூக்கள் ரப்பரை மட்டும் பிடிக்கவில்லை. கதவின் உள்பக்க பிளாஸ்டிக்கையும் வெளித் தகட்டையும் சேர்த்து இறுக்கி, கதவுக்கு விறைப்பு கொடுப்பதும் அவைதான். கதவு முறுக்கியபடியே இருக்கும்போது இறுக்கிவிட்டால் முறுக்கல் அப்படியே நிலைத்துவிடும். ரப்பர் மாற்ற வந்தவர் செய்ததும் அதுதான். எனவே கதவில் இருந்த பாட்டில்களை எல்லாம் எடுத்துவிட்டு, எல்லா ஸ்க்ரூவையும் இரண்டு சுற்று மட்டும் தளர்த்தினேன். ஒன்றைக்கூட முழுதாகக் கழற்றவில்லை, கழற்றினால் உள் பிளாஸ்டிக் கையோடு வந்துவிடும். கதவைத் திறந்து வைத்து, மச்சானை (அவரேதான்) கீழ் மூலையை அசையாமல் பிடிக்கச் சொல்லிவிட்டு, மேல் மூலையை ஃப்ரிட்ஜ் பக்கமாகத் தள்ளி, அவரையே இரண்டு மூலைக்கும் காவல் வைத்து ஸ்க்ரூக்களை இறுக்கினேன். விட்டதும் பாதி தூரம் திரும்பி வந்துவிட்டது. மறுபடி தளர்த்தி, இந்த முறை தேவைக்கு மேலேயே கொஞ்சம் முறுக்கிப் பிடித்து இறுக்கினோம். மேலே 12, கீழே 12. ஸ்க்ரூ ஒவ்வொன்றும் பிடித்ததும் நிறுத்திவிட வேண்டும். பழைய பிளாஸ்டிக், வேகமாகத் திருகினால் விரிசல் விடும். எனக்கு ஓர் இடத்தில் விட்டது, யாரிடமும் சொல்லவில்லை.

அன்று இரவு நான்கு பக்கமும் பேப்பர் ஒரே மாதிரி பிடித்தது. பனி மறுபடி வாரக் கணக்குக்குப் போனது.

ஆனால் இதை எல்லா ஃப்ரிட்ஜிலும் செய்ய முடியாது. புது மாடல் கதவுகள் பலவற்றில் ஸ்க்ரூ கிடையாது. ரப்பரின் முதுகில் இருக்கும் அம்பு போன்ற விளிம்பு பள்ளத்துக்குள் அழுந்தி உட்கார்ந்திருக்கும். உள்ளே நிரப்பிய ஃபோம் கதவை ஒரே கட்டையாக்கியிருக்கும். முறுக்கினால் உடைப்பீர்கள். அங்கே கால்களைச் சரிசெய்வது, தொங்கிப்போன கதவானால் கீழ்க் கீலில் ஒரு பிளாஸ்டிக் வாஷர் கொடுத்துத் தூக்குவது, அதற்கும் அடங்காவிட்டால் தளர்ந்த இடத்தில் மட்டும் ரப்பரைப் பள்ளத்திலிருந்து எடுத்து அடியில் மெல்லிய ஃபோம் பட்டை வைத்து மேடாக்குவது, இவ்வளவுதான் வழி.

தளர்ந்த பக்கம் எது என்று நீங்கள் எழுதவில்லை. அது கீல் பக்கமாக இருந்தால், மேலே சொன்னதற்கெல்லாம் முன்னால் கதவை மெதுவாக மூடியபடி அந்த இடுக்கை உற்றுப் பாருங்கள். ரப்பர் பெட்டியில் உரசி உள்ளே சுருண்டுகொள்கிறதா? சுருண்டால், அந்தப் பக்கம் மட்டும் மெல்லிசாக வாசலின் தடவிவிட்டு, மறுநாள் பேப்பரை வைத்துப் பாருங்கள்.